மூன்று நிமிடம் பன்னிரண்டாவது நொடி

"உங்க அக்கா, அத்தானோட கமெண்ட்டை அழிச்சுட்டாளாம். தெரியுமா உனக்கு?"

சித்தி போனில் 'ஹலோ'கூடச் சொல்லவில்லை. இதை அவளுக்குச் சொன்னது அவள் மருமகள். மருமகளுக்குச் சொன்னது அக்காவிடம் கார் ஓட்டப் படிக்கிற யாரோ ஒரு பெண். மூன்று வாய் மாறி, கடல் தாண்டி என் காதுக்கு வந்தபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது. "எவனோ ஒருத்தன் திட்டி எழுதினதை அந்த எடத்துல வச்சிருக்காளாம். அத்தான் போய் ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலையேடா. அவ மக குட்டி, அம்மாகூடப் பேசறதே இல்லையாம்."

வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீட்டுச் செய்தி இப்படித்தான் வந்து சேரும். நான் அலுவலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டே அக்காவின் யூடியூப் சேனலைத் திறந்தேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். படிக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பிரேக் அக்கா'. அவள் உட்காரும் இடப்பக்கத்து சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்தப் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டே வாழ்கிறாள். கல்யாண வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கால் தரையை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். "உங்க அக்காவுக்கு நடக்கும்போதுகூட உலகம் வேகமாப் போற மாதிரியே இருக்கும்" என்று அத்தான் கிண்டல் செய்வார்.

அத்தானுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. சேனல் அவருடைய யோசனை. ஒரே சந்தேகத்தை நாற்பது பேர் நாற்பது தடவை கேட்கிறார்கள், ஒரு தடவை படம் பிடித்துப் போட்டுவிட்டால் உன் தொண்டை பிழைக்கும் என்றார். கேமராமேனும் அவரே. யூடியூபில் தனக்கென்று ஒரு கணக்கு திறந்து, பெயரும் 'கேமராமேன்' என்றே வைத்துக்கொண்டார்.

அதிகம் பார்க்கப்பட்டது அவர்கள் திட்டமே போடாமல் எடுத்த காணொளி. ஒருநாள் காலையில் பயிற்சிக் கார் கிளம்பவில்லை, பேட்டரி இறங்கிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரை மூக்கோடு மூக்கு நிறுத்தி, கேபிள் மாட்டி, அதிலிருந்து உயிர் கொடுக்க வேண்டும். "இரு, இரு, இதையே எடுப்போம்" என்று அத்தான் பல்துலக்கிய வாயோடு போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதில் மூன்று நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் ஒரு தும்மல் கேட்கும். சாதாரணத் தும்மல் இல்லை, தகர ஷட்டரை இழுத்து மூடியது போல. படம் ஒரு குலுங்கு குலுங்கும். அக்கா நிமிர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள்.

காணொளி ஏறிய ஐந்தாவது நிமிடம் முதல் கமெண்ட் வந்தது. பக்கத்து அறையிலிருந்து அவர்தான் போட்டிருந்தார்.

"3:12 தும்மினது கேமராமேன். சம்பளத்துல பிடிச்சுக்கவும்."

அக்கா அதற்கு ஒரு ஹார்ட் கொடுத்தாள். சேனல் நடத்துகிறவர் ஹார்ட் கொடுத்தால், அந்தக் கமெண்ட்டுக்குக் கீழே அவருடைய சின்ன முகத்தோடு ஒரு சிவப்பு இதயம் ஒட்டிக்கொள்ளும். எழுதியவருக்குச் செய்தியும் போகும். அத்தானின் போன் 'டிங்' என்றது. அன்று கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கண் பரிசோதனை அட்டைக்குப் பதில் அந்தப் போனை நீட்டி, "இதைப் படிங்க பாப்போம்" என்றாராம். சாயங்காலம் அக்கா அந்தக் கமெண்ட்டை உச்சியில் பின் செய்தாள். சுவரில் குண்டூசி குத்தி வைப்பது போலத்தான். ஒரு காணொளிக்கு ஒரே ஒரு குண்டூசி. புதிதாக ஒன்றைக் குத்தினால் பழையது கழன்றுவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் சேனலின் அமைப்புகளை எல்லாம் போனில் படித்துப் பொருள் சொன்னது நான். அவள் காலையில் கேட்பாள், நான் மாலையில் பதில் சொல்வேன், இரண்டும் ஒரே நேரம்தான். அத்தான் பின்னாலிருந்து, "வாத்தியாரே, இந்த 'முதன்மைக் கருத்துகள்'னா என்ன, 'புதியவை முதலில்'னா என்ன?" என்று கத்துவார்.

சொன்னேன். முதன்மை என்பது யூடியூப் தானே பொறுக்கி அடுக்குவது: லைக், பதில் என்று எதைச் சுற்றிச் சந்தடி இருக்கிறதோ அது மேலே வரும், ஆளுக்கு ஆள் வரிசை கொஞ்சம் மாறவும் மாறும். நாமாக மாற்றாவிட்டால் எல்லாருக்கும் தெரிவது அதுதான். புதியவை என்பது வெறும் நேரக் கணக்கு. கடைசியாக வந்தவர் முதலில் நிற்பார்.

அத்தான் யோசித்துவிட்டு அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நீ புதுசையே பாரு. மேல நிக்கறவனை ஊரே பாக்குது. இப்பத்தான் வந்து கதவைத் தட்டினவனை நீயாவது பாக்கணும்ல?"

அன்றிலிருந்து அது அவள் வழக்கம். காலை ஆறரைக்கு முதல் ஆள் வருவதற்கு முன், காருக்குள்ளேயே உட்கார்ந்து, டம்ளரை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, 'புதியவை முதலில்' என்று மாற்றி, இரவு வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்ட். நன்றி என்றவனுக்கும் ஹார்ட், சந்தேகம் கேட்டவனுக்கும் ஹார்ட், வெறும் கைகூப்புப் படம் போட்டவனுக்கும் ஹார்ட். "வருகைப் பதிவு எடுக்கறேன்டா. வந்தவங்க மனசு நோகக் கூடாதுல்ல" என்பாள்.

அத்தான் போனபிறகும் அந்தக் குண்டூசி அப்படியே இருந்தது. குட்டி (அக்காவின் ஒரே மகள், வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்) அவ்வப்போது அந்தக் காணொளியைத் திறப்பாள் என்று எனக்குத் தெரியும். கமெண்ட்டில் நேரம் எழுதினால் அது தானே நீல எழுத்தாகிவிடும். தொட்டால் படம் அந்த நொடிக்குத் தாவும். குட்டி வேறொன்றும் பார்ப்பதில்லை. உச்சியில் நிற்கும் அந்த நீல 3:12-ஐத் தொட்டு, அப்பாவின் தும்மலைக் கேட்டுவிட்டு மூடிவிடுவாள்.

இப்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் பார்த்தபோது, உச்சியில் அத்தான் இல்லை. யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள். குண்டூசிப் படம், 'பின் செய்யப்பட்டது' என்ற வரி, அதன் கீழே:

"3:15 பாத்து செய்யாதீங்க. அக்கா வாய்ல சொல்றது சரி, கையில செய்யறது தப்பு. என் தம்பி கையைப் பாத்து செஞ்சான். பொறி பறந்து புருவம் கருகிடுச்சு, கண்ணு தப்பினது அதிர்ஷ்டம். கடைசி கறுப்பு கிளிப்பை இறங்கின பேட்டரில மாட்டாதீங்க, எஞ்சின் மேல இருக்கற வெறும் இரும்புல மாட்டுங்க. இவங்களை நம்பி யாரும் கெட்டுப் போகாதீங்க."

காணொளியை ஓட்டினேன். அக்காவின் வாய் சரியாகத்தான் சொல்கிறது: "கடைசி கறுப்பு, எஞ்சின் இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி." அப்போது தும்மல். அக்கா சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே, கண் அத்தான் மீது இருக்க, கை தானாகப் போய்ப் பேட்டரியின் முனையிலேயே கிளிப்பைக் கவ்வவைக்கிறது. அன்று பொறி பறக்கவில்லை. நாலு வருடம் யாரும் கவனிக்கவில்லை. நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! எல்லாரும் சிரிப்பைத்தான் பார்த்திருக்கிறோம்.

அத்தானின் கமெண்ட்டைத் தேடினேன். முதன்மை வரிசையில் கட்டைவிரல் ஓய்கிறவரை தள்ளினேன், அகப்படவில்லை. நடுரோட்டில் வண்டி நின்று அவசரமாக வருகிறவர்கள் பார்க்கும் காணொளி அது, நின்று லைக் போட யாருக்குப் பொழுது? அவருடையதற்கு விழுந்தவை அறுபத்துச் சொச்சம். ஆனால் 'அந்தத் தும்மலுக்காகவே வந்தேன்' என்று எவனோ எழுதியதற்கு எழுநூறு. தும்மினவர் கீழே, தும்மலைப் புகழ்ந்தவன் மேலே.

பிறகுதான் புத்தி வந்தது. அவருடையது முதல் கமெண்ட் அல்லவா? 'புதியவை முதலில்' என்று மாற்றினால் அவர் கட்டக் கடைசியில் இருந்தாக வேண்டும், இருந்தால். இரண்டாயிரத்து முந்நூறு கமெண்ட். தள்ளித் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக விரிய விரிய, நாலு வருடத்தைப் பின்பக்கமாக நடந்தேன். அடிமட்டத்தில் இருந்தார். அதே ஹார்ட்டோடு. அக்கா அழிக்கவில்லை.

அதன் கீழே 'ஆறு பதில்கள்' என்று மடங்கிக் கிடந்தது. பழைய கமெண்ட்டுக்கு இன்று பதில் எழுதினாலும் அது புதியவை வரிசையில் மேலே ஏறாது. போய்த் திறந்தவருக்குத்தான் தெரியும். திறந்தேன். ஐந்து பழைய கேலி. ஆறாவது அக்கா எழுதியது, பதினோரு நாளுக்கு முன்:

"தூக்கிப் போடல. எறக்கி வச்சிருக்கேன். ஒருத்தன் அடிபட்டு வந்திருக்கான், சீட்டு விட்டுக் குடுங்க."

அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

அக்காவைப் பிடித்தபோது அவளுக்கு விடிந்திருந்தது. காருக்குள் இருந்தாள், கண்ணாடி துடைக்கும் சத்தம் கேட்டது.

"சித்தி ஓதிட்டாங்களா?"

"ஓதிட்டாங்க. ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மூணு ராத்திரி தூங்க மாட்ட. அப்புறம் எனக்குத் தலைவலி மாத்திரை பேரு எழுதி அனுப்புவ."

"சரி, என்ன நடந்துச்சு?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு எழுதினது காலைல வந்து கெடந்துது. நான் எப்பவும் போல வரிசையா ஹார்ட் போட்டுக்கிட்டே வந்தேன். படிச்சாத்தானே? பாதி பேரு 'சூப்பர் அக்கா', மீதிப் பேரு 'சூப்பரோ சூப்பர் அக்கா'. கை பழகிப்போச்சு. அதுக்கும் போட்டுட்டேன்."

"ஐயையோ."

"பத்து நிமிஷத்துல பதில் வந்துது. 'என் தம்பி புருவத்துக்கு ஹார்ட்டா?'ன்னு." அக்காவின் குரல் சிரிக்கப் பார்த்து முடியாமல் நின்றது. "அப்பத்தான்டா முழுசா படிச்சேன். அப்புறம் படத்தைப் போட்டு என் கையைப் பாத்தேன். பத்தொன்பது வருஷம் அடுத்தவங்க கையையும் காலையும் பாத்தே பொழைச்சவ, என் கையை இப்பத்தான் பாக்கறேன்."

"ஹார்ட்டை எடுத்துட்டியா?"

"உடனே. இன்னொரு தடவை அழுத்தினா போயிடுமே. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவ கமெண்ட்டுக்கு ஒரே ஒரு லைக்கு, அதுவும் அவளே போட்டதா இருக்கும். நாளைக்கு இன்னும் நாப்பது பேரு 'சூப்பர்'னு வந்தா, அது கீழ போயிடும். எவன் பாப்பான்? வண்டி நின்னுபோய் பதட்டத்துல வர்றவன் உச்சில உள்ள ஒண்ணைத்தான் படிப்பான். அந்த எடம் ஒண்ணுதானே இருக்கு?"

"நீயே ஒரு திருத்தம் எழுதி அதைப் பின் பண்ணியிருக்கலாமே. 'நம்பிக் கெட்டுப் போகாதீங்க'ன்னு உன்னைத் திட்டினதையா வைக்கணும்?"

"நான் எழுதினா அது திருத்தம். அவ எழுதினா அது புருவம். எதைப் படிச்சாடா கிளிப்பு பிடிச்ச கை ஒரு நொடி நிக்கும்?"

 அதோடு விட்டுவிடுகிற பிறவி இல்லை நான். "படத்துல அந்தத் துண்டை மட்டும் வெட்டிடலாம்க்கா. எடிட்டர்ல வழி இருக்கு."

"வெட்டினா தும்மல் போயிடும். சிரிப்பும் கிளிப்பும் ஒண்ணாத்தான்டா கெடக்கு. அதுவும் போனா குட்டி என்னைத் தலை முழுகிடுவா."

"சரி, அத்தான் போன் இருக்குல்ல? அவர் கணக்குல போய், அவர் கமெண்ட்டையே திருத்தி, கீழ இந்த எச்சரிக்கையைச் சேத்து, திரும்ப அதையே பின் பண்ணிடலாம். அவரும் மேல, சரியான தகவலும் மேல."

எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பக்கம் மறுபடி கண்ணாடி துடைக்கும் சத்தம்.

"போன் அலமாரில இருக்கு. சார்ஜ்கூடப் போட்டு வச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். "ஆனா எழுதினதைத் திருத்தினா ஹார்ட்டு விழுந்துடும்னு நீதானேடா அன்னிக்கு சொன்ன?"

சொல்லியிருந்தேன். மறந்துவிட்டேன். ஹார்ட் வாங்கிய கமெண்ட்டை எழுதியவர் ஓர் எழுத்து மாற்றினாலும் ஹார்ட் போய்விடும். நல்லதை எழுதி ஹார்ட் வாங்கிவிட்டுப் பிறகு வேறு எதையாவது எழுதி ஏமாற்றக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

"திரும்ப நீ போட்டுக்கலாமேக்கா."

"போடலாம். போட்டா அலமாரிக்குள்ள 'டிங்'குனு அடிக்கும். யாரு எடுத்துப் பாக்க?" பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள். "அது மட்டுமில்ல. செத்தவர் வாய்ல நான் பேச்சு வைக்க மாட்டேன். அவரு சொன்னது தும்மலைப் பத்தி. அதோட விடு."

"குட்டிகிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"எடுத்தாத்தானே சொல்ல? ஒரே ஒரு மெசேஜு. 'அப்பாவை அழிச்சுட்டு உன்னைத் திட்டறவளை வச்சிருக்க, நல்லா இரு'ன்னு. அதுக்கப்புறம் பதினோரு நாளா ரிங் போகுது, எடுக்கறதில்ல. ரெண்டு தடவை எழுதினேன், பாக்கல. சரி, ஆள் வந்தாச்சு. இந்தம்மா நேத்து ரிவர்ஸ்ல என் உயிரையே வாங்கினாங்க." கார்க் கதவு திறந்தது. "வாங்கம்மா, மொதல்ல சீட்டை முன்ன இழுங்க..."

சக்கரம் உருளும்போது அக்கா போனைத் தொடமாட்டாள். போன் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் போய்விடும். வீடு தீப்பிடித்தாலும் வண்டி நின்ற பிறகுதான்.

நான் கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுபடி அந்த நாலு வருட நடை. அடிமட்டத்துக்குப் போய், அத்தான் கமெண்ட்டின் பக்கத்தில் மங்கலாக இருக்கும் 'நான்கு வருடங்களுக்கு முன்பு' என்பதைச் சொடுக்கினேன். அதைச் சொடுக்கினால் அந்தக் கமெண்ட்டுக்கே உரிய முகவரி வரும். அந்த இணைப்பு வழியாகப் போகிறவருக்கு அந்தக் கமெண்ட் தனியாக அடையாளமிட்டு மேலே வந்து நிற்கும். ஊருக்கு இல்லை, போகிறவருக்கு மட்டும்.

குட்டிக்கு எழுதினேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். கடைசியில் எழுதியது இதுதான்:

"குட்டி, அப்பா இருக்கார். இந்த லிங்க்ல போனா மேல நிப்பார், உனக்கு மட்டும். நேரா போனா அம்மா வச்சதுதான் இருக்கும், அது மாறாது. அப்பா கமெண்ட்டுக்குக் கீழ ஆறு பதில் இருக்கு. தும்மலைக் கேட்டுட்டு அதையும் திற."

என் மெசேஜைப் பார்த்துவிட்டாள். குறி நீலமானது. பதில் இல்லை. நான் தேநீர் போட்டேன், குடிக்காமல் ஆறவிட்டேன். அவளைக் கோபப்படுத்திவிட்டேனோ, அக்கா எழுதியதை அக்காவைக் கேட்காமல் காட்டியிருக்கக் கூடாதோ என்று வழக்கம்போல எனக்கு நானே வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து அவள் கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் முதலில் வந்தது.

"மாமா."

"சொல்லுடா."

"அந்தத் தும்மலுக்கு அப்புறம் நான் பாத்ததே இல்ல மாமா. கேட்டவுடனே மூடிடுவேன். இன்னிக்குத்தான் மூணு நொடி சேத்துப் பாத்தேன். அம்மா கை நேரா பேட்டரிக்குப் போகுது."

"ஆமா."

"எல்லாம் இந்த அப்பாவால. ஒழுங்கா ஒரு கைக்குட்டை வச்சிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?" அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. "அந்தப் பொண்ணு எழுதினதையும் இப்பத்தான் முழுசா படிச்சேன். முன்ன, உச்சில அப்பா இல்லன்ன உடனே கீழ தள்ளித் தள்ளிப் பாத்தேன், காணல, கோபத்துல மூடிட்டேன். அவ்ளோதான் பாத்தது. அழிச்சுட்டாங்கன்னே நெனச்சேன்."

"உங்கம்மாகிட்ட சொல்லு."

"போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கறாங்க. மூணு தடவை ஆச்சு. பதினோரு நாள் நான் எடுக்கல இல்ல, அதான் பழி வாங்கறாங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே ஏழு பத்து. "பழியும் இல்ல ஒண்ணும் இல்ல. ரிவர்ஸ் கிளாஸ் நடக்குது. போன் பெட்டிக்குள்ள கெடக்கும்."

"இருங்க, உங்களையும் சேத்தே அடிக்கறேன். தனியா பேசினா அழுதுடுவேன்."

திரையில் மூன்றாவதாக ஒரு வட்டம் முளைத்தது. அக்காவின் படம்: பயிற்சிக் காரின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எடுத்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. கீழே 'அழைக்கிறது' என்று மின்னிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு தெருவில், ஒரு அம்மாள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறாள். பக்கத்தில் அக்கா பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கச் சொல்கிறாள். பெட்டிக்குள் ஒரு போன் நடுங்குகிறது.

"எடுக்கல மாமா."

"வண்டி நிக்கட்டும்டா. வைக்காத."

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ரிங் போய்க்கொண்டே இருந்தது.